வீட்டு ஆபீசுக்கு நெட்வொர்க்: மேசை வரை கேபிள், லேப்டாப்புக்கு முன்னுரிமை

வீட்டில் டிவி ஓடுகிறது, போனில் வீடியோ ஓடுகிறது, மீட்டிங்கில் மட்டும் குரல் உடைகிறது. உடனே பலரும் பிளானை ஏற்றிவிடுகிறார்கள். மாதம் கொஞ்சம் பணம் கூடுவதோடு சரி, குரல் மறுபடியும் உடையும். மீட்டிங்குக்குத் தேவைப்படும் வேகம் மிகக் குறைவு. அதற்கு வேண்டியது தாமதம் ஏறி இறங்காமல் இருப்பது.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகச் செய்வோம். கீழே ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஃபைபர் மோடம். மாடியில் முன்னறையில் வேலை மேசை, அதில் ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பும், அதற்குக் கேபிள்களைச் செருக ஒரு டாக்கும். பிளான் 60 எம்பிபிஎஸ். அதே இணைப்பில் மூன்று போன்கள், ஒரு டிவி, கிளவுடில் பதிவு செய்யும் இரண்டு சிசிடிவி கேமராக்கள். இன்றைக்குப் பல வீடுகளின் நிலவரம் ஏறக்குறைய இதுதான்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் அளவு, அப்புறம் கேபிள், அப்புறம் லேப்டாப்புக்கு நிலையான முகவரி, கடைசியில் முன்னுரிமை. முன்னுரிமை அமைக்க இரண்டு தகவல்கள் வேண்டும்: கேபிளில் அளந்த உண்மையான வேகம், கேபிள் வழி வரும் லேப்டாப்பின் அடையாளம். கேபிள் போடாமல் இரண்டும் கிடைக்காது.

## 1. எதையும் வாங்கும் முன் அளந்து பாருங்கள்

வைஃபையில் லேப்டாப்பை மாடி மேசையிலேயே வைத்து, ஆபீஸ் விபிஎன்னைத் துண்டித்துவிட்டு, இரண்டு கமாண்ட் விண்டோக்களைத் திறந்து இவற்றை ஓடவிடுங்கள்.

```
ping 192.168.1.1 -t
ping 8.8.8.8 -t
```

பிங் என்பது ஒரு முகவரிக்குச் செய்தி போய்ப் பதில் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும். முதல் வரியில் உங்கள் மோடத்தின் முகவரி இருக்க வேண்டும். `ipconfig` என்று அடித்தால் `Default Gateway` என்று காட்டுவதுதான் அது. முதல் விண்டோ உங்கள் வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லும். இரண்டாவது வரியில் இருப்பது கூகுளின் சர்வர், அது வீட்டையும் வெளி லைனையும் சேர்த்துச் சொல்லும்.

நம் மாதிரி வீட்டில் மாடியிலிருந்து மோடத்துக்கே பிங் 3 மில்லிசெகண்டுக்கும் 180க்கும் நடுவே தாவுகிறது. அதாவது குரல் கெடுவது வீட்டை விட்டு வெளியே போகும் முன்பே. லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய், சிறிய கேபிளால் நேராக மோடத்தில் செருகிப் பார்த்தால் மோடத்துக்கு 1 மில்லிசெகண்டுக்குள்ளும், 8.8.8.8க்கு 12 அளவிலும் நிற்கிறது.

இத்தோடு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். இன்னொரு சோதனையும் இருக்கிறது. லேப்டாப் கேபிளில் இருக்கும்போதே, ஒரு போனிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை கூகுள் டிரைவ் மாதிரி எங்காவது ஏற்றுங்கள். மோடத்துக்குப் போகும் பிங் அப்படியே இருக்க, 8.8.8.8 மட்டும் 300, 400 என்று ஏறினால், உங்கள் அப்லோடு லைன் நிரம்பி வரிசை கட்டுகிறது என்று பொருள். மீட்டிங்கின் ஒவ்வொரு துளிக் குரலும் அந்த வீடியோவுக்குப் பின்னால் நிற்கிறது.

ஆக, இந்த வீட்டில் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலாவதைக் கேபிள் தீர்க்கும். இரண்டாவதை முன்னுரிமை தீர்க்கும். ஒன்றைச் சரிசெய்துவிட்டு, "ஒன்றும் மாறவில்லையே" என்பவர்கள் பெரும்பாலும் மற்றதை விட்டிருப்பார்கள்.

## 2. வாங்க வேண்டியவை

கேட் 6 கேபிள், தேவையான நீளத்துக்கு மேல் மூன்று மீட்டர் கூடுதலாக. இந்த வீட்டுக்கு 18 மீட்டர் ஓட்டம், வாங்கியது 21. நூறு மீட்டர் வரை இந்தக் கேபிளுக்குச் சிக்கல் இல்லை என்பதால் நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது உலோகத்தைப் பற்றி. மலிவான ரோல்களில் பல, அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு பூசியவை. கடையிலேயே ஒரு முனையை உரித்து, உள்ளே ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். அடியில் வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். அது வளைக்கும் இடத்தில் ஒடியும், சாக்கெட்டில் நாளடைவில் பிடி தளரும். சுவருக்குள் போன பிறகு அதைக் கண்டுபிடிக்க யாராலும் ஆகாது.

இரண்டு ஆர்ஜே45 சுவர் சாக்கெட்டுகள், அவற்றுக்கான பெட்டி, சாக்கெட்டில் கம்பியை அழுத்தும் பஞ்ச் டூல், இரு பக்கமும் செருக ரெடிமேட் பேட்ச் கேபிள்கள் இரண்டு, எட்டு விளக்குள்ள மலிவான டெஸ்டர் ஒன்று. டாக் இல்லாதவர்கள் யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் வாங்கும்போது கிகாபிட், யூஎஸ்பி 3 என்று பார்த்து வாங்குங்கள். கையில் கிடைக்கும் மலிவான அடாப்டர்கள் பல 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது.

ரவுட்டரைப் பற்றி ஐந்தாவது படியில் வருகிறேன். அதைப் படிக்காமல் இப்போதே வாங்கிவிடாதீர்கள்.

## 3. கேபிள் போகும் பாதை

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் முதலில் அவர் கேட்பது, "கரண்ட் பைப்லயே விட்டுடலாமா சார்?" வேண்டாம் என்று சொல்லுங்கள். சிக்னலில் இரைச்சல் சேரும் என்பதை விட, 230 வோல்ட் கம்பியின் உறை எங்காவது கிழிந்தால் அந்தக் கரண்ட் லேப்டாப் வரை வரும் என்பதுதான் முதல் காரணம். தனிப் பைப் அல்லது சுவர் ஓர கேசிங் போதும். கரண்ட் லைனைக் கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காக, நேர்கோணத்தில் கடக்கட்டும்.

பல வீடுகளில் ஒரு பாதை தயாராகவே இருக்கிறது. மொட்டை மாடியில் டிஷ் வைத்த காலத்தில் ஹால் வரை இறக்கிய டிவி கேபிள் பைப். டிவி இப்போது வைஃபையில் ஓடுவதால் அந்தக் கறுப்புக் கேபிள் சும்மா கிடக்கும். அதன் முனையில் புதுக் கேபிளைச் சேர்த்து, இன்சுலேஷன் டேப்பை இறுக்கமாக, கூம்பு வடிவில் சுற்றி, மறுமுனையிலிருந்து இழுத்தால் பழையது வெளியே வரப் புதியது உள்ளே போகும். ஒருவர் இழுக்க, ஒருவர் தள்ளிவிட வேண்டும். சிக்கினால் பலமாக இழுக்காமல் கொஞ்சம் பின்னே தள்ளி மறுபடி இழுங்கள். பலமாக இழுத்தால் உள்ளே முறுக்கிய ஜோடிகள் நீண்டு குலைந்துவிடும்.

வெளிச்சுவரில்தான் போயாக வேண்டும் என்றால் வெளிப்புறத்துக்கான கறுப்பு உறைக் கேபிளைப் பயன்படுத்துங்கள். சாதாரண உறை வெயிலில் சில வருடங்களில் வெடித்துவிடும். மொட்டை மாடியில் திறந்தவெளியில் செம்புக் கேபிளை நீளமாகப் படரவிடாதீர்கள். பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலே ரவுட்டரின் போர்ட் போய்விடலாம்.

## 4. முனை கட்டுவது

சுவருக்குள் போகும் கேபிளில் நேராக பிளக் அடிக்காமல் சாக்கெட்டில் கட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளே இருப்பது ஒற்றைக் கம்பி. அடிக்கடி ஆட்டினால் ஒடியும். ஆடுகிற வேலையைப் பேட்ச் கேபிள் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டு முனையிலும் பி வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. சாக்கெட்டின் பக்கவாட்டிலேயே A, B என்று நிறம் ஒட்டியிருக்கும். B வரிசையைப் பார்த்து அழுத்தினால் போதும்.

இங்கே புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் சரிதானே" என்று ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அழகாக அடுக்கிவிடுவார்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் மூன்றாவதும் ஆறாவதும் ஒரே ஜோடியாக முறுக்கியிருக்க வேண்டும். இந்த அடுக்கில் அவை வெவ்வேறு ஜோடிகளில் போய்விடுகின்றன. ஒரு ஜோடியின் சிக்னல் அடுத்ததில் கசிந்து, வேகம் குறையும் அல்லது லிங்க் விட்டுவிட்டு வரும். விளக்கு எரிகிறதே என்று நம்பிக் கேபிளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பார்கள்.

கம்பிகளின் முறுக்கையும் தேவைக்கு மேல் பிரிக்காதீர்கள். சாக்கெட்டின் பல்லுக்கு ஒரு செண்டிமீட்டர் முன்புவரை முறுக்கு அப்படியே இருக்கட்டும்.

கட்டி முடித்ததும் லேப்டாப்பைச் செருகி, விண்டோஸில் `Settings` > `Network & internet` > `Ethernet` திறந்து `Link speed` என்ன காட்டுகிறது என்று பாருங்கள். `1000/1000 (Mbps)` வர வேண்டும். `100/100` என்று வந்தால், நான்கு ஜோடிகளில் ஒன்று சரியாகப் பிடிக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். நூறுக்கு ஆரஞ்சு, பச்சை என்ற இரண்டு ஜோடிகள் போதும். ஆயிரத்துக்கு நான்கும் வேண்டும். ஆகவே நீலத்தையும் பழுப்பையும் மறுபடி அழுத்துங்கள். அப்படியும் நூறே காட்டினால் மோடத்தின் போர்ட்டும் அடாப்டரும் கிகாபிட்தானா என்று பாருங்கள்.

## 5. யார் வாசலைக் காப்பது: மோடமா, ரவுட்டரா

முன்னுரிமை வேலை செய்ய வேண்டுமானால், வீட்டின் எல்லா டிராஃபிக்கும் ஒரே பெட்டி வழியாகப் போக வேண்டும். அந்தப் பெட்டியில் முன்னுரிமை கொடுக்கும் QoS வசதியும் இருக்க வேண்டும். ஆபரேட்டர் கொடுத்த மோடத்தின் பக்கத்தைத் திறந்து `QoS` என்று இருக்கிறதா பாருங்கள். பல மோடங்களில் அது இருக்காது, இருந்தாலும் உங்களுக்குக் கொடுத்த லாகினில் தெரியாது. அப்போது QoS உள்ள சொந்த ரவுட்டர் ஒன்று தேவை.

அதை இணைக்க நல்ல வழி, மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றித் தரும்படி ஆபரேட்டரிடம் கேட்பது. அப்போது மோடம் லைனை அப்படியே கடத்திவிடும், ரவுட்டர் வேலை முழுவதும் உங்கள் பெட்டிக்கு வரும். உங்கள் இணைப்பு, லாகின் செய்து இணையும் பிபிபிஓஇ வகை என்றால் யூசர் நேம், பாஸ்வேர்டு வாங்கி, அவற்றை உங்கள் ரவுட்டரில் போட வேண்டும். மாற்றச் சொல்லும் முன் அவற்றை எழுதி வாங்கிவிடுங்கள். மாற்றிய பிறகு இணையமில்லாமல் உட்கார்ந்து கஸ்டமர் கேருக்கு போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மோடத்தில் லேண்ட்லைன் போனும் ஓடினால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆபரேட்டர் ஒத்துக்கொள்ளவில்லையா? பரவாயில்லை. மோடத்தின் LAN போர்ட்டிலிருந்து ரவுட்டரின் WAN போர்ட்டுக்கு ஒரு கேபிள். இரண்டும் 192.168.1.1 என்று இருந்தால் மோதும் என்பதால் ரவுட்டரின் முகவரியை 192.168.50.1 என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆபீஸ் விபிஎன்னுக்கும் மீட்டிங்குக்கும் இந்த இரட்டை அமைப்பு பொதுவாகத் தொந்தரவு தராது.

ஆனால் இந்த வழியில் ஒரு ஓட்டை இருக்கிறது. மோடத்தின் வைஃபை ஓடிக்கொண்டே இருந்தால் பழைய போன்கள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். சிசிடிவி பெட்டியை, போட்டவர் மோடத்தில்தான் செருகியிருப்பார். இவையெல்லாம் ரவுட்டரைத் தொடாமல் வெளியே போகும். ரவுட்டரில் லேப்டாப்புக்கு எத்தனை முன்னுரிமை கொடுத்தாலும், அதற்குத் தெரியாமல் அடுத்த வாசலில் கேமரா அப்லோடு செய்துகொண்டிருக்கும். மோடத்தின் வைஃபையை அணைத்துவிட்டு, ரவுட்டருக்குப் போகும் ஒரு கேபிளைத் தவிர மோடத்திலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள்.

ரவுட்டர் மோடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மாடி மேசைக்குப் போகும் கேபிள் ரவுட்டரின் LAN போர்ட்டில் செருக வேண்டியது.

## 6. லேப்டாப்பை ரவுட்டருக்கு அடையாளம் காட்டுவது

ரவுட்டர் ஒரு கருவியை அறிவது, அதன் நெட்வொர்க் இணைப்புக்குரிய தனி அடையாள எண்ணான மேக் முகவரியை வைத்துத்தான். ஒரே லேப்டாப்புக்கு வைஃபைக்கு ஒன்று, கேபிளுக்கு ஒன்று என இரண்டு மேக் முகவரிகள் இருக்கும். டாக் வழியாகக் கேபிள் வந்தால், சில லேப்டாப்களில் டாக்கின் முகவரி தெரியும், சிலவற்றில் லேப்டாப் தன் சொந்த முகவரியையே கடத்தும். ரவுட்டர் பட்டியலில் லேப்டாப் பெயரைப் பார்த்ததும் அதற்கு முன்னுரிமை கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், பெரும்பாலும் வைஃபைக்குரிய பழைய வரியைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

அதனால் கேபிளைச் செருகி, வைஃபையை அணைத்து, அதே `Ethernet` பக்கத்தில் `Physical address (MAC)` என்று காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்மின் உரிமை இல்லாத ஆபீஸ் லேப்டாப்பிலும் இது பொதுவாகத் தெரியும். ரவுட்டரில் `Address Reservation` என்ற பகுதியில் (சில ரவுட்டர்களில் `DHCP Reservation`) அந்த மேக்குக்கு 192.168.50.10 என்று நிரந்தரமாக எழுதுங்கள். லேப்டாப்பில் கையால் ஐபி போடாதீர்கள். வேறு இடத்துக்கு எடுத்துப் போனால் அங்கே இணைப்பு கிடைக்காது.

வேலை தொடங்கும்போது வைஃபையை அணைத்துவிட்டு விபிஎன் போடும் பழக்கம் நல்லது. வைஃபையில் தொடங்கிய விபிஎன், பிறகு கேபிளைச் செருகினாலும் சில நேரம் வைஃபையிலேயே தொடரும்.

## 7. முன்னுரிமை: இரண்டு எண்களும் ஒரு டிக்கும்

கேபிளில் இருந்தபடி, வீட்டில் மற்றவர்கள் சும்மா இருக்கும்போது வேகத்தைச் சோதியுங்கள். காலையில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு மேல் சில முறை. கிடைத்ததில் குறைந்த எண்ணை எடுங்கள். நம் வீட்டில் டவுன்லோடு 57, அப்லோடு 28.

இந்த எண்களில் 90 சதவீதத்தை ரவுட்டரின் QoS பக்கத்தில் மொத்த வேகமாக எழுத வேண்டும்: 51, 25. கையிலிருக்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கை ஏன் விட வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். ரேஷன் கடையில் வரிசை கடைக்குள் இருந்தால்தான் கடைக்காரர் வயதானவரை முன்னால் கூப்பிட முடியும். தெருமுனையில் நிற்கும் வரிசையை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ரவுட்டர் உண்மையான வேகத்துக்கு மேல் அனுப்பினால் வரிசை மோடத்தில் போய்க் கட்டும். மோடத்துக்கு உங்கள் லேப்டாப் யாரென்று தெரியாது. ரவுட்டர் கொஞ்சம் குறைத்து அனுப்பினால் வரிசை ரவுட்டருக்குள்ளேயே நிற்கும், லேப்டாப்பை முன்னால் விடவும் அதனால் முடியும்.

இதனால்தான் அந்தக் கட்டத்தில் 100, 1000 என்று பெரிய எண்ணாகப் போட்டுவைத்தால் QoS இருந்தும் இல்லாததற்குச் சமம். எழுதும்போது அலகையும் பாருங்கள். சில ரவுட்டர்கள் `Mbps` கேட்கும், சில `Kbps` கேட்கும். `Kbps` கட்டத்தில் 25 என்று எழுதினால் வீடு முழுக்க இணையம் நின்றுபோகும். அங்கே 25000 என்று எழுத வேண்டும்.

அடுத்து, கருவிகள் பட்டியலில் 192.168.50.10க்கு `Priority` டிக். காலக்கெடு கேட்டால் எப்போதும் என்பதையே தேர்ந்தெடுங்கள். வேலை நேரம் மட்டும் என்று வைத்தால் அமெரிக்க டீமோடு இரவில் நடக்கும் மீட்டிங்கில் அது அணைந்திருக்கும். டிவிக்கும் பிள்ளைகளின் போனுக்கும் சேர்த்து டிக் போடாதீர்கள். எல்லாருக்கும் முன்னுரிமை என்றால் யாருக்கும் இல்லை.

சில ரவுட்டர்கள் "வீடியோ கால்", "கேமிங்" என்று செயலி வாரியாகவும் முன்னுரிமை கேட்கும். மீட்டிங் விபிஎன் வழியாகப் போகும்போது உள்ளே ஓடுவது காலா, ஃபைலா என்று ரவுட்டரால் பார்க்க முடியாது. கருவி வாரியாகக் கொடுப்பதே நிச்சயம். ஆனால் லேப்டாப்பே பெரிய ஃபைலை ஏற்றிக்கொண்டிருந்தால் அதற்கும் சேர்த்தே முன்னுரிமை கிடைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரவுட்டர் என்றால் `luci-app-sqm` நிறுவி, WAN இன்டர்ஃபேஸில் இதே எண்களை `Kbps` கணக்கில் கொடுத்து `cake` என்ற வரிசை முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும். அது எல்லாக் கருவிகளின் வரிசையையும் தனித்தனியாகப் பிரித்து நடத்துவதால் பல வீடுகளில் டிக்கே தேவைப்படாது. என் கணக்கில் அதுதான் சிறந்த வழி. ஆனால் ரவுட்டரை மாற்றி எழுதும் துணிச்சல் இல்லாதவர்களை அதற்குத் தள்ள மாட்டேன்.

வரிசையை நிர்வகிக்க ரவுட்டரின் சிப் உழைக்க வேண்டும். 60 எம்பிபிஎஸ் பிளானுக்குச் சாதாரண ரவுட்டர் தாங்கும். 300க்கு மேலே போனால் மலிவான ரவுட்டரில் QoS போட்டதும் வேகம் பாதியாகலாம். அப்படி ஆனால் தவறு அமைப்பில் இல்லை, பெட்டியின் சக்தி அவ்வளவுதான்.

## 8. கரண்ட் போனால்

லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது. மோடமும் ரவுட்டரும்தான் அணையும். இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறும் கணத்தில் சில ரவுட்டர்கள் ரீஸ்டார்ட் ஆகி, ஓரிரு நிமிடம் மீட்டிங் போய்விடும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு சிறிய டிசி யூபிஎஸ் வையுங்கள். வாங்கும் முன் இரண்டு அடாப்டர்களின் ஸ்டிக்கரையும் படியுங்கள். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் இரண்டையும் கூட்டினாலும் தாங்க வேண்டும்.

மேசையில் டாக்கை மறந்துவிடுவார்கள். கரண்ட் இல்லாவிட்டால் டாக்கும், அதோடு கேபிள் இணைப்பும் போகும். அந்த அறையில் இன்வெர்ட்டர் இல்லையென்றால், லேப்டாப்பிலிருந்தே கரண்ட் எடுக்கும் யூஎஸ்பி அடாப்டர் ஒன்றை டிராயரில் வைத்திருங்கள். அதன் மேக் முகவரி வேறு என்பதால் அதற்கும் ரவுட்டரில் ஒரு முகவரியும் டிக்கும் வேண்டும்.

## 9. மறுபடி அதே சோதனை

முதல் படியில் செய்ததை மாடி மேசையிலிருந்து, கேபிளில், திரும்பச் செய்யுங்கள். இப்போது முதல் பிங் உங்கள் ரவுட்டருக்கு. போனிலிருந்து வீடியோ ஏறிக்கொண்டிருக்கும்போது பாருங்கள். நம் வீட்டில் ரவுட்டருக்கு 1 மில்லிசெகண்டுக்குள், 8.8.8.8க்கு 14 முதல் 30க்குள் நிற்கிறது. போனின் அப்லோடு முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஏற்றும்போது இன்னும் நூற்றுக்கணக்கில் தாவினால், அப்லோடு எண்ணை 25லிருந்து 23, 21 என்று இறக்கிப் பாருங்கள். எவ்வளவு இறக்கியும் மாறவில்லை என்றால், போன் இன்னும் மோடத்தின் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ரவுட்டரில் `Hardware NAT` அல்லது `NAT Boost` போன்ற வேக வசதி ஓடிக்கொண்டிருக்கலாம். பல ரவுட்டர்களில் அது பாக்கெட்டுகளை QoSஐத் தொடாமல் குறுக்கு வழியில் அனுப்பிவிடும். அதை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

வீட்டில் யாருமே எதுவும் செய்யாதபோதும் ரவுட்டருக்கு 1 மில்லிசெகண்டாக நிற்க, 8.8.8.8 மட்டும் `Request timed out` என்று அடிக்கடி காட்டினால், கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கு வெளியே. இரண்டு விண்டோக்களையும் நேரத்தோடு படம் எடுத்து ஆபரேட்டருக்கு அனுப்புங்கள். "நெட் ஸ்லோ" என்று சொன்னால் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார்கள். வீட்டுக்குள் சுத்தமாக இருப்பதைக் காட்டும் படம் இருந்தால், லைன் பார்க்க ஆள் அனுப்பச் சொல்லி வலியுறுத்தலாம்.